சர்வர் நலம், செயலி ஊமை

2014 ஜூலை தொடக்கத்தில் கூகுளின் பாதுகாப்புக் குழு ஒரு விநோதத்தைக் கண்டுபிடித்தது. கூகுள் தளங்களின் பெயரில் சில டிஜிட்டல் சான்றிதழ்கள் உலவின. அவற்றைக் கூகுள் கேட்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. கொடுத்தது யார் என்று பார்த்தால், நம் மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம், அதாவது என்.ஐ.சி. தங்கள் சான்றிதழ் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்பதே பிறகு தரப்பட்ட விளக்கம். என்.ஐ.சி.க்கு மேலே இருக்கும் இந்தியச் சான்றிதழ் கட்டுப்பாட்டாளரை மைக்ரோசாஃப்ட் தன் நம்பிக்கைப் பட்டியலில் வைத்திருந்ததால், விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலான மென்பொருள்கள் அந்தப் போலிச் சான்றிதழ்களை அசல் என்றே ஏற்றிருக்கும். அதே விண்டோஸில் ஓடிய குரோம் மட்டும் ஏற்றிருக்காது. கூகுள் தளங்களுக்கு எந்தச் சாவிகள் செல்லும் என்று குரோமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள்.

அப்படி எழுதி வைப்பதற்குப் பெயர்தான் சர்டிபிகேட் பின்னிங். இன்று வங்கி, பணப் பரிமாற்றம், மருத்துவம் என்று எந்தச் செயலியைக் கட்டினாலும், பாதுகாப்புத் தணிக்கைக்கு வருகிறவர் நீட்டும் பட்டியலில் 'எஸ்.எஸ்.எல். பின்னிங் உண்டா?' என்ற கேள்வி இருக்கும். ஆண்ட்ராய்டில் அதைச் செய்ய ஐந்தாறு வரி போதும். அந்த வரிகளை எழுதிய பிறகு என்ன நடக்கும் என்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி.

முதலில் அடிப்படை. நம் போன் ஒரு சர்வரைத் தொடர்பு கொண்டதும் அந்தச் சர்வர் தன் சான்றிதழைக் காட்டுகிறது. அதில் தளத்தின் பெயர் இருக்கும், அதன் பொதுச்சாவி இருக்கும், இரண்டும் பொருந்தும் என்று உறுதி சொல்லும் ஒரு சான்று நிறுவனத்தின் கையெழுத்து இருக்கும். பொதுச்சாவிக்கு இணையான ரகசியச் சாவி சர்வரை விட்டு வெளியே வராது. போனுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சான்று நிறுவனங்களின் பட்டியல் உண்டு. அவற்றில் ஒன்றிலிருந்து சங்கிலித் தொடராகக் கையெழுத்து வந்திருந்தால் போதும், போன் நம்பிவிடும். ஓட்டையும் இங்கேதான். பட்டியலில் உள்ள எந்த நிறுவனமும் எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் கொடுக்கலாம். நூறு பேரில் ஒருவர் ஏமாந்தாலும் எல்லாத் தளங்களுக்கும் ஆபத்து. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் அப்படித்தான் கூகுளின் எல்லாத் துணைத்தளங்களுக்கும் பொருந்தும் ஒரு போலிச் சான்றிதழைத் தயாரித்தார்கள். அது ஈரானில் மக்களின் ஜிமெயிலை இடைமறிக்கப் பயன்பட்டது. அங்கே ஒருவருடைய குரோம் எச்சரிக்கை காட்டியதால்தான் விஷயமே வெளியே வந்தது. டிஜிநோட்டார் அடுத்த மாதமே திவாலானது.

வங்கியில் அடையாள அட்டையைப் பார்த்த பிறகும், கணக்குத் திறந்த நாளில் நாம் போட்டுக் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களே, பின்னிங் செய்வது அந்த வேலை. வழக்கமான சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு, 'சான்றிதழ் செல்லும், சரி. ஆனால் இந்தச் சாவி எனக்குத் தெரிந்த சாவியா?' என்று செயலி கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறது.

ஆண்ட்ராய்டு செயலிகளில் பெரும்பகுதி இணையத்தோடு பேசப் பயன்படுத்தும் நிரல் நூலகம் OkHttp. ஸ்கொயர் நிறுவனம் உருவாக்கி இலவசமாகத் திறந்து வைத்தது. அதில் பின்னிங் இவ்வளவுதான்:

```kotlin
val pinner = CertificatePinner.Builder()
    .add("api.example.com", "sha256/<இப்போதைய சாவி>")
    .add("api.example.com", "sha256/<மாற்றுச் சாவி>")
    .build()

val client = OkHttpClient.Builder()
    .certificatePinner(pinner)
    .build()
```

`sha256/` என்பதற்குப் பின்னால் வருவது சான்றிதழின் கைரேகை அல்ல, அதற்குள் இருக்கும் பொதுச்சாவியின் கைரேகை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. அதே சாவிக்குப் புதிய சான்றிதழ் வாங்கினால் கைரேகை மாறாது, செயலிக்கும் பிரச்சினை இல்லை. சாவி மாறினால் கைரேகையும் மாறிவிடும். அந்தக் கைரேகையைக் கணக்கிட இது:

```
openssl s_client -connect api.example.com:443 \
  -servername api.example.com </dev/null \
| openssl x509 -pubkey -noout \
| openssl pkey -pubin -outform der \
| openssl dgst -sha256 -binary | openssl enc -base64
```

செயலி சரிபார்க்கும் சங்கிலியில் தளத்தின் சான்றிதழ், அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழ், உச்சியில் மூலச் சான்றிதழ் என்று வழக்கமாக மூன்று இருக்கும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் சாவி, நாம் எழுதி வைத்த கைரேகைகளில் ஏதாவது ஒன்றோடு பொருந்தினால் OkHttp திருப்தியடைந்துவிடும். பழைய பதிப்புகளில் இதில் ஒரு கோளாறு இருந்தது. போலிச் சங்கிலியோடு அசல் சான்றிதழைச் சும்மா சேர்த்து அனுப்பினாலே உள்ளே விட்டுவிடும். 2016இல் 2.7.4, 3.1.2 பதிப்புகளில் அதைச் சரிசெய்தார்கள். இப்போது உண்மையிலேயே கையெழுத்துத் தொடரில் உள்ளவற்றை மட்டுமே ஒப்பிடுகிறது.

இனி ஒரு கற்பனைச் சீட்டு நிறுவனத்தின் செயலியை எடுத்துக்கொள்வோம். பெயர் கற்பனை, நடப்பது அப்படியே நடக்கக்கூடியது. சர்வரில் லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ். ஜனவரி 5 அன்று வாங்கியது, 90 நாள் செல்லும், அதாவது ஏப்ரல் 5 வரை. புதுப்பிக்கும் வேலையை `certbot` என்ற நிரல் தானே பார்த்துக்கொள்கிறது. செயலி எழுதியவர் மேலே உள்ள கட்டளையை ஓட்டி, வந்த கைரேகை ஒன்றை மட்டும் செயலிக்குள் எழுதி, ஜனவரி 10 அன்று பிளே ஸ்டோரில் ஏற்றிவிட்டார். தணிக்கையாளருக்கும் மகிழ்ச்சி.

மார்ச் 6 இரவு, காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, `certbot` வழக்கம்போல் சான்றிதழைப் புதுப்பித்தது. நாம் தனியாகச் சொல்லாவிட்டால் அது ஒவ்வொரு முறையும் புதிய சாவியையே உருவாக்கும். புதிய சாவி, புதிய கைரேகை. மறுநாள் காலை செயலியைத் திறந்த ஒவ்வொருவருக்கும் திரையில் வந்தது: 'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.'

இந்தப் பொய்யான செய்திக்குக் காரணம் இருக்கிறது. பின் பொருந்தாதபோது OkHttp எழுப்பும் பிழையின் பெயர் `SSLPeerUnverifiedException`. ஜாவாவின் குடும்ப மரத்தில் அது `IOException` வகையைச் சேர்ந்தது, நெட்வொர்க் துண்டித்தாலும் வருவது அதே வகைதான். பெரும்பாலான செயலிகள் அந்த வகையில் எது வந்தாலும் ஒரே வாசகத்தைக் காட்டும்படி எழுதப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் வைஃபையை அணைத்துப் போடுவார், போனை ரீஸ்டார்ட் செய்வார், கடைசியில் சிம் கார்டு நிறுவனத்தைத் திட்டுவார்.

சர்வர் பக்கம் இன்னும் விசித்திரம். கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. சான்றிதழ் புத்தம் புதிது, 90 நாள் செல்லும். பிரவுசரில் முகவரியைத் தட்டினால் பூட்டுக்குறியோடு திறக்கிறது. பிழைப் பதிவுகள் இல்லை. ஏனென்றால் OkHttp பாதுகாப்பான இணைப்பை முழுதாக ஏற்படுத்தி, தளத்தின் பெயரையும் சரிபார்த்து, அதன் பிறகுதான் பின்னை ஒப்பிடுகிறது. பொருந்தவில்லை என்றால் ஒரு கோரிக்கைகூட அனுப்பாமல் இணைப்பை மூடிவிடும். கோரிக்கை வராததால் `access.log` கோப்பில் ஒரு வரிகூட விழாது. தெரியும் ஒரே அறிகுறி போக்குவரத்து வற்றிப்போவதுதான். பிழைகள் கூடினால் மணி அடிக்கும்படி அமைப்பவர்கள், கோரிக்கைகள் குறைந்தால் மணி அடிக்க அமைப்பது அபூர்வம். செயலியின் பிழை அறிக்கைகளும் அதே சர்வருக்கே அனுப்பப்படுகின்றன என்றால் அந்த வாயும் அடைத்தது.

ஒரு போனைக் கணினியில் செருகி `logcat` பார்த்தால் மட்டும் உண்மை தெரியும்:

```
javax.net.ssl.SSLPeerUnverifiedException:
  Certificate pinning failure!
  Peer certificate chain:
    sha256/...: CN=api.example.com
    ...
  Pinned certificates for api.example.com:
    sha256/...
```

மேலே சர்வர் காட்டியவை, கீழே செயலி எதிர்பார்த்தவை. இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக எதுவும் இல்லை.

இப்போது என்ன செய்வது? முதலில் தோன்றுவது, புதிய கைரேகையோடு செயலியைத் திருத்தி ஸ்டோரில் ஏற்றுவது. அதற்கு ஸ்டோரின் ஒப்புதல் வரவேண்டும், பிறகு ஒவ்வொரு போனும் அதை இறக்கிக்கொள்ள வேண்டும். தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள், போனில் இடமில்லாதவர்கள், வைஃபை கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்கள் எல்லாரும் வாரக்கணக்கில் வெளியே நிற்பார்கள். 'அப்டேட் செய்யுங்கள்' என்று செயலிக்குள் செய்தி காட்டலாமே என்றால், அந்தச் செய்தியும் அதே சர்வரிலிருந்துதான் வரவேண்டும்.

வேகமான மருந்து சர்வரிலேயே இருக்கிறது, பதற்றத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது. `certbot` பழைய சாவியை உடனே அழிப்பதில்லை. `/etc/letsencrypt/archive` அடைவுக்குள் `privkey1.pem`, `cert1.pem` என்று பழையவை அப்படியே கிடக்கும். பழைய சான்றிதழுக்கு இன்னும் ஒரு மாதம் ஆயுள் இருக்கிறது. வெப் சர்வரை அந்தக் கோப்புகளுக்குத் திருப்பிவிட்டால் சில நிமிடங்களில் எல்லாச் செயலிகளும் பேசத் தொடங்கிவிடும். ஏப்ரல் 5க்குள் அதே பழைய சாவிக்குப் புதிய சான்றிதழ் கேட்டு வாங்கலாம். இனிமேல் சாவியை மாற்றாதே என்று `--reuse-key` மூலம் `certbot`-க்குச் சொல்லலாம். ஆனால் இந்த அதிர்ஷ்டம் சாவி நம் கையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. அமேசான் கிளவுட் போன்ற இடங்களில் சான்றிதழை அவர்களே நிர்வகிக்கும்போது ரகசியச் சாவி நம் கண்ணுக்கே படாது, புதுப்பிக்கும்போது சாவியும் மாறிவிடும். அங்கே பழைய சாவியைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் தளத்தின் சாவியைப் பின் செய்வது, வாடகை வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுவதற்குச் சமம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நேராகச் சொன்னால், செய்யக்கூடாது.

சரியாகச் செய்வது எப்படி? தொடக்கத்திலேயே இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று சர்வரில் இருப்பது, அதை 'அ' என்போம். இன்னொன்று 'ஆ', யாருக்கும் காட்டாமல் தனியே உருவாக்கி வைப்பது. 'ஆ'வுக்குச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை, பொதுச்சாவியின் கைரேகை மட்டும் போதும். அதைச் சர்வரிலோ, சர்வர் இருக்கும் அதே கிளவுட் கணக்கிலோ வைத்தால் பயனில்லை. சர்வருக்குள் திருடன் புகுந்தால் இரண்டும் போகும். செயலிக்குள் 'அ', 'ஆ' இரண்டின் கைரேகையும் இருக்கும். 'அ' திருடு போனாலும், மாற்றும் காலம் வந்தாலும், 'ஆ'வுக்குச் சான்றிதழ் வாங்கிச் சர்வரில் போட்டுவிடலாம். போன்களில் ஒன்றும் மாறவேண்டாம்.

அடுத்த அடிதான் பலர் தவறவிடுவது. 'ஆ'வுக்கு மாறிய நாளில் மாற்றுச் சாவி தீர்ந்துவிட்டது. உடனே 'இ' என்று மூன்றாவதை உருவாக்கி, 'ஆ', 'இ' இரண்டையும் கொண்ட புதிய பதிப்பை வெளியிட வேண்டும். ஆனால் சர்வர் 'இ'க்கு மாற அவசரப்படக் கூடாது. 'அ', 'ஆ' மட்டும் தெரிந்த பழைய பதிப்புகள் எத்தனையோ போன்களில் இன்னும் இருக்கின்றன. புழக்கத்தில் உள்ள எல்லாப் பதிப்புகளுக்கும் தெரிந்த சாவிக்குத்தான் சர்வர் போக முடியும். ஆக, பழைய பதிப்புகளை எப்போது கைவிடலாம் என்ற வணிக முடிவும், சாவியை எப்போது மாற்றலாம் என்ற பாதுகாப்பு முடிவும் ஒரே முடிவாகிவிடுகின்றன. சர்வர்காரர்களும் செயலிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது. OkHttp-ன் ஆவணமே, சர்வரின் சான்றிதழ்களைக் கவனிப்பவரின் ஆசி இல்லாமல் பின்னிங்கைத் தொடாதீர்கள் என்று எச்சரிக்கிறது. ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வக் குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், இதைப் பரிந்துரைக்கவே இல்லை என்கிறது.

தளத்தின் சாவி வேண்டாம், கையெழுத்திடும் இடைநிலைச் சான்றிதழைப் பின் செய்தால் புதுப்பித்தல் தொல்லை இருக்காதே என்று சிலர் சுற்றுவழி தேடுவார்கள். அந்தச் சாவி நம்முடையது அல்ல. சான்று நிறுவனம் தன் வசதிக்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றும். லெட்ஸ் என்கிரிப்ட் சில ஆண்டுகளாக R3 என்ற இடைநிலைச் சான்றிதழால் கையெழுத்திட்டு வந்தது. 2024 ஜூனில் அதை விட்டு R10, R11 என்று புதியவற்றுக்கு மாறியது. இரண்டில் எது நமக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. R3ஐ நம்பி எழுதிய செயலிகள் அடுத்த புதுப்பித்தலிலேயே ஊமையாகியிருக்கும். மூலச் சான்றிதழைப் பின் செய்தால் நீண்ட நாள் தாங்கும்தான், ஆனால் அந்த நிறுவனம் ஒன்றோடு நாம் கட்டுண்டு போவோம். சான்று நிறுவனங்களும் நிலையானவை அல்ல. சைமன்டெக் கொடுத்த சான்றிதழ்களைக் குரோம் 2018இல் படிப்படியாக ஒதுக்கியது. 2024 ஜூலையில் டிஜிசெர்ட், சரிபார்ப்பில் நடந்த ஒரு பிசகுக்காக 83,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை 24 மணி நேரக் கெடுவில் ரத்து செய்யப்போவதாக அறிவித்தது. அந்த மாதிரி இரவில் கையில் மாற்றுச் சாவி இல்லாத பின்னிங் செயலி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

காற்றும் எதிர்த்திசையில் வீசுகிறது. சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளைக் குறைக்க 2025 ஏப்ரலில் பிரவுசர் நிறுவனங்களும் சான்று நிறுவனங்களும் வாக்களித்து முடிவு செய்தன. 2026 மார்ச்சில் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள். அடிக்கடி மாற்றுவது இயல்பாக வேண்டும் என்பதே நோக்கம். சாவியை மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லும் பின்னிங் அதற்கு நேர்மாறு. வலைத்தளங்களுக்கென்று இருந்த பின்னிங் முறையைக் குரோம் ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. 2015இல் தரமாக்கப்பட்ட அந்த முறை, தளங்கள் தங்களைத் தாங்களே பூட்டிக்கொள்ளும் அபாயத்தால் 2019இல் குரோமிலிருந்து நீக்கப்பட்டது.

அப்படியானால் யாருக்குத்தான் இது தேவை? எதைத் தடுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காபிக் கடை வைஃபையில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கப் பின்னிங் வேண்டாம். சாதாரணச் சான்றிதழ்ச் சோதனையே போதும். பயனரை ஏமாற்றிப் போனில் ஒரு போலிச் சான்று நிறுவனத்தைச் சேர்க்க வைப்பது முன்பு உண்மையான ஆபத்தாக இருந்தது. ஆண்ட்ராய்டு 7 முதல், அதற்கேற்பக் கட்டிய செயலிகள் பயனர் சேர்த்தவற்றை இயல்பாகவே நம்புவதில்லை. செயலியைப் பிரித்து ஆராய்பவர்களைத் தடுக்கும் என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. ரூட் செய்த போனில் `frida` என்ற கருவியால் பின் சோதனையை நிமிடங்களில் செயலிழக்கச் செய்துவிடுவார்கள். போன் யாருடையதோ அவரிடமிருந்து எதையும் மறைக்கப் பின்னிங்கால் முடியாது.

மீதி இருப்பது என்.ஐ.சி., டிஜிநோட்டார் வகை ஆபத்து: முறையான சான்று நிறுவனம் ஒன்று தவறாகவோ வற்புறுத்தலாலோ போலிச் சான்றிதழ் கொடுப்பது. இன்று அநேகமாக எல்லாப் பொதுச் சான்றிதழ்களும் திறந்த பதிவேடுகளில் ஏறுவதால், நம் தளத்தின் பெயரில் வேறு யாராவது வாங்கினால் அறிவிப்பு வரும்படி அமைத்துக்கொள்ளலாம். செலவும் இல்லை. அது கண்டுபிடிக்கும், தடுக்காது. செய்திச் செயலிக்கும் கடைச் செயலிக்கும் அதுவே தாராளம். லட்சக்கணக்கானோரின் பணத்தைக் கையாளும் வங்கிக்கும், அரசுகளே எதிரியாகக்கூடிய பத்திரிகையாளர்கள் பயன்படுத்தும் செய்திப் பரிமாற்றச் செயலிக்கும் தடுப்பே தேவை. அங்கே பின்னிங்குக்கு இடமுண்டு, சர்வரின் சாவியும் செயலியும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால். செல்பேசிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் தரவரைவும் செயலி உருவாக்குபவரின் கட்டுப்பாட்டில் உள்ள சர்வர்களுக்குத்தான் பின்னிங் கேட்கிறது. தணிக்கைப் பட்டியலை நீட்டுபவரிடம் அந்த வரியைக் காட்டலாம்.

அப்படி வைப்பவர்களுக்கு ஒரு தப்பிக்கும் வழியும் உண்டு. ஆண்ட்ராய்டின் சொந்த அமைப்புக் கோப்பில் `<pin-set expiration="...">` என்று ஒரு தேதி எழுதலாம். அந்தத் தேதிக்குப் பின் பின் சோதனை நின்று, சாதாரணச் சோதனை மட்டும் தொடரும். OkHttp-ல் இந்த வசதி இல்லை. பதிப்பு வெளியான நாளிலிருந்து, சொல்லப்போனால், ஓராண்டு கழிந்தால் பின்னரை இணைக்காமல் விடும்படி நாமே ஒரு நிபந்தனை எழுதிக்கொள்ளலாம். ஓராண்டாக அப்டேட் செய்யாதவருக்குக் கூடுதல் காவல் போய்விடும், ஆனால் செயலி ஓடும். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பிளே ஸ்டோரின் செயலிக்குள் அப்டேட் செய்யும் வசதியையும் முதல் பதிப்பிலேயே சேர்த்துவிட வேண்டும். அது கூகுளின் சர்வர் வழியே வருவதால் நம் சர்வரோடு பேச்சு நின்றாலும் வேலை செய்யும்.

இதையெல்லாம் செய்தாயிற்று என்று கூட்டக் குறிப்பில் எழுதுவதோடு விடக் கூடாது. முதல் பதிப்பு வெளியான சில வாரங்களில், கூட்டம் குறைந்த ஒரு ஞாயிறு பின்னிரவில், 'ஆ' சாவிக்கு உண்மையான சான்றிதழ் வாங்கிச் சர்வரில் ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டோரிலிருந்து இறக்கிய செயலி உள்நுழைய வேண்டும், பாக்கித் தொகையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், 'அ' இன்னும் சர்வரிலேயே இருக்கிறது, திரும்பிப் போய்விடலாம்.